எழுதாத டேக்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். பொய் இல்லை. ஆனால் பொறுமை இல்லாதவள் எப்படி ஆப் எழுதும் வேலைக்கு வந்தாள் என்று என் அண்ணன் கேட்டுக்கொண்டே இருப்பான்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடை மாடியில் எங்கள் ஆபீஸ். ஆபீஸ் என்றால் இரண்டு மேசை, ஒரு மின்விசிறி, நானும் கூட வேலை பார்க்கும் ஒரு தம்பியும். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி யார்டு ஒன்றுக்காக ஒரு ஆப் செய்துகொண்டிருந்தோம். யார்டு வாசலில் சின்னதாக ஒரு டேக் ஒட்டியிருக்கும். வட்டமாக, வெள்ளையாக, பழைய ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு. அதற்கு பேட்டரி கிடையாது, கரண்டு கிடையாது. போனைக் கிட்டே கொண்டுபோனால் போனிலிருந்தே தனக்கு வேண்டிய தெம்பை வாங்கிக்கொண்டு, தன்னிடம் எழுதி வைத்திருப்பதைச் சொல்லும். நாங்கள் அதில் எழுதி வைப்பது இரண்டே விஷயம். ஒன்று, எங்கள் ஆப்புக்கு மட்டும் புரியும் ஒரு சின்ன முகவரி. இன்னொன்று, அதற்கு அடுத்தபடியாக ஆப்பின் முழுப்பெயர். முகவரியைப் பார்த்ததும் போன் தானாகவே ஆப்பைத் திறக்கும், ஆப் அந்த யார்டின் பக்கத்துக்குப் போய் நிற்கும். டிரைவர் சரி என்று அழுத்தினால் அந்த லாரியின் ஒரு நடை பதிவாகிவிடும்.

என் அண்ணன் அந்த யார்டில்தான் லாரி ஓட்டினான். அதனால் சோதனை எல்லாம் அவன் தலையில்தான். முதல் நாள் யார்டு வாசலின் இரும்புக் கம்பத்தில் டேக்கை ஒட்டிவிட்டு வந்தேன். பத்து டிரைவர் தட்டியும் ஒருத்தன் போனும் அசையவில்லை. அண்ணன் போன் பண்ணி, ஊரே சிரிக்கிற மாதிரி சிரித்தான். இரும்பில் ஒட்டினால் டேக் செத்த மாதிரிதான், போன் அனுப்புவதை எல்லாம் இரும்பு தின்றுவிடும். அது எனக்குத் தெரியாததில்லை, அவசரத்தில் மறந்தது. பிறகு இரும்புக்கென்றே அடியில் ஒரு படலம் வைத்த தடித்த டேக் வாங்கி ஒட்டினேன்.

அதிலும் அண்ணன் தட்டுவது தனி ரகம். போனை டேக் மேல் மெதுவாக வைத்தால் போதும். அவன் டக் டக் என்று இரண்டு தட்டு தட்டுவான். "ஒரு தடவ வச்சா போதும்ணே, கதவா தட்டுற" என்று நான் சத்தம் போட்டால், "ஒருத்தர் வூட்டுக்குப் போனா தட்டிட்டுத்தானே பாப்பா போவணும்" என்பான். வாய் மட்டும் இல்லையென்றால் அவனை நாய்கூடச் சீண்டாது என்று நான் திட்டுவேன். அந்த வாய்தான் போயிற்று.

ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். பக்கவாதம். உயிர் தப்பியது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு அடியோடு போய்விட்டது. நாம் சொல்வது அவனுக்குப் பெரும்பாலும் புரிந்தது. ஆனால் அவன் சொல்ல நினைத்தது எதுவுமே வெளியே வரவில்லை. எதைச் சொல்லப்போனாலும் "அதான்" என்ற ஒரே வார்த்தைதான் வந்தது. தண்ணீர் வேண்டுமென்றாலும் அதான், வேண்டாமென்றாலும் அதான். எழுத்தும் கூட்டிப் படிக்க வரவில்லை. டாக்டர், மூளையில் பேச்சுக்கான இடம் அடிபட்டிருக்கிறது, பயிற்சி கொடுத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஏதாவது வரலாம் என்றார். நாங்கள் அந்த 'வரலாம்' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்கினோம்.

அண்ணி பட்ட பாடு சொல்லி மாளாது. அரியலூர் எல்லையில், லாரி போகும் ரோட்டை ஒட்டிய வீடு. வாசல் வேப்பமரத்து இலையெல்லாம் சுண்ணாம்புத் தூசி. முன்பெல்லாம் அண்ணன் வேலை முடிந்து ஊருக்குள் திரும்பும்போது தெருமுக்கில் லாரி ஆரன் ஒன்று அடிப்பான். அண்ணி அடுப்பைக் குறைத்துவிட்டு வாசலுக்கு வந்து நிற்பார். இப்போது அவன் கட்டிலில் கிடந்து "அதான், அதான்" என்று கத்துவான். அண்ணி ஓடிவந்து, தண்ணியா, சோறா, வலிக்குதா, திரும்பிப் படுக்கணுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். கேட்கக் கேட்க அவனுக்குக் கோபம் ஏறும். கடைசியில் இரண்டு பேரும் அழுவார்கள்.

அதைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பும்போதுதான் எனக்கு யார்டு டேக் ஞாபகம் வந்தது. படிக்க வேண்டாம், பேச வேண்டாம், தட்டினால் போதும். ஒரு டேக்குக்கு ஒரு வாக்கியம். தட்டியதும் ஆப் திறந்து அந்த வாக்கியத்தைப் பேச வேண்டும். யார்டு ஆப்பிலிருந்து பாதியை உருவிப் புதிதாக ஒன்று செய்தேன். போனுக்குள் இருக்கும் தமிழ்க் குரல் செய்தி வாசிப்பது போலப் பேசியது, அதனால் என் குரலிலேயே பதிந்தேன். அண்ணிக்கு அது பிடிக்கவில்லை. "ஒன் கொரல்ல அவரு தண்ணி கேக்குறது என்னவோ போல இருக்கு பாப்பா" என்றார். வேறு குரலுக்கு எங்கே போவது?

முதலில் பிள்ளையார் பிடிக்கப் போய் குரங்கில்தான் முடிந்தது. பொருள் மேலேயே டேக்கை ஒட்டினால் அவனுக்குச் சுலபமாகப் புரியும் என்று, தண்ணீர் டம்ளரில் ஒன்று, சாப்பாட்டுத் தட்டில் ஒன்று ஒட்டினேன். நம் வீடுகளில் டம்ளரும் தட்டும் எவர்சில்வர் இல்லாமல் வேறென்ன? ஒன்றும் பேசவில்லை. யார்டில் பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை. அதோடு, இடது கையில் போனைப் பிடித்து, டேக்கைத் தேடி, போனின் முதுகில் சரியான இடம் படுகிற மாதிரி வைப்பதும் அவனால் முடியவில்லை. விரலளவு தூரம் விலகினாலும் போன் ஊமையாகிவிடும்.

கடைசியில் தலைகீழாக மாற்றினேன். போன் ஓரிடத்தில் நிற்கட்டும், டேக் நகரட்டும். ஆபீஸில் சோதனைக்கு வைத்திருந்த பழைய போனை, முதுகு அவனைப் பார்க்கும்படி கட்டில் ஓரத்தில் ஒரு பலகையில் பொருத்தினேன். திரை அணைந்திருந்தாலோ பூட்டியிருந்தாலோ டேக்கைப் படிக்காது என்பதால், பூட்டை எடுத்துவிட்டு, திரை அணையாமல் வைத்து, சார்ஜரில் போட்டேன். டேக்குகளைப் பிளாஸ்டிக் வில்லைகளில் ஒட்டி, மேலே படம் வரைந்து, ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தேன். டம்ளர் படம், தட்டுப் படம், மின்விசிறி, வலிக்கு ஒரு சுளித்த முகம். டம்ளர் வில்லையை எடுத்துக் காட்டி, போனின் முதுகில் வைத்தேன். "தண்ணி வேணும்" என்றது என் குரல். அண்ணன் என்னைப் பார்த்தான், போனைப் பார்த்தான். வில்லையை என் கையிலிருந்து பிடுங்கி, டக் டக் என்று இரண்டு தட்டு தட்டினான். அண்ணி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அன்றைக்கு நாங்கள் மூவரும் சிரித்தோம். எனக்கு அழுகையும் வந்தது, மறைக்கவில்லை.

கிண்ணத்தில் தவறுதலாக ஒரு வெறும் வில்லையும் கிடந்தது. படமும் இல்லை, உள்ளே எழுத்தும் இல்லை. ஆபீஸில் டேக்குகளை மொத்தமாக எழுதும்போது எது வெறுமை, எது எழுதியது என்று திரையைப் பார்க்காமலே தெரிய, வெறும் டேக் பட்டால் ஆப் ஒரு சின்ன மணி அடிக்கும்படி முன்பு செய்திருந்தேன். இந்த ஆப்பிலும் அது அப்படியே வந்துவிட்டது. அண்ணன் அந்த வில்லையை எடுத்துத் தட்டினான். மணி அடித்தது. நான் திருப்பி வாங்கக் கை நீட்டினேன். கொடுக்கவில்லை. விரல்களை மூடிக்கொண்டான்.

அதற்கப்புறம் அந்த வில்லைதான் எங்களுக்குப் பெரிய தலைவலி. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளர் வில்லையைத் தட்டினான், வலித்தால் சுளித்த முகத்தைத் தட்டினான், எல்லாம் சரியாக. ஆனால் எல்லாவற்றையும் விட அதிகமாகத் தட்டியது வெறும் வில்லையை. மணி கேட்டு அண்ணி வந்து, "என்னங்க வேணும்?" என்பார். அவன் தலையை ஆட்டுவான். கிண்ணத்தை எடுத்து நீட்டினால் தள்ளிவிடுவான். அதில் ஏதோ எழுதச் சொல்கிறான் என்றுதான் நாங்கள் முடிவுக்கு வந்தோம். நமக்கு எட்டாத ஏதோ ஒரு வாக்கியம் அவன் மனசில் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்து எழுதும்வரை அவன் ஓயமாட்டான்.

கேட்டுப் பார்க்காத கேள்வி இல்லை. பொண்ணைப் பார்க்க வேண்டுமா என்றோம். திருச்சியில் கட்டிக்கொடுத்த மகளை வரவழைத்தோம். அவளைக் கண்டு சந்தோஷப்பட்டான், மறுநாள் காலையில் மறுபடி மணி. சிறுவாச்சூர் கோயிலுக்கு வேண்டுதல் ஏதும் பாக்கியா என்று அண்ணி கேட்டார். லாரியைப் பற்றிக் கேட்டேன். யாரிடமாவது மனத்தாங்கலா, செத்துப்போன அப்பா ஞாபகமா, உயில் கியில் ஏதாவதா என்றெல்லாம்கூடக் கேட்டோம். ஒவ்வொன்றுக்கும் "அதான்" என்பான், தலையை மட்டும் இல்லை என்று ஆட்டுவான். ஞாயிறுதோறும் நான் லேப்டாப்போடு போவதும், ஒரு கேள்விப் பட்டியலை முடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவதும் வழக்கமாகிவிட்டது. அண்ணி இளைத்துப்போனார். "மணிச் சத்தம் கேட்டா போட்டது போட்டபடி ஓடியாறேன் பாப்பா. என்னமோ கேக்குறாரு, நான் குடுக்கல. என்னன்னு தெரியாமயே போயிருவேனோ?" என்றார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானாகவே யோசித்து, நான்கு சுவரையே பார்த்துக் கிடப்பவனுக்கு வேறென்ன வேண்டியிருக்கும் என்று, "என்னை வெளியே கூட்டிட்டுப் போங்க" என்று பதிந்து, அதன் முகவரியை வெறும் வில்லையில் எழுதினேன். என் போன் முதுகில் வைத்துப் பிடித்தால் கண் மூடித் திறப்பதற்குள் எழுதி முடிந்துவிடும். எழுதியதும் 'பூட்டவா?' என்று ஆப் கேட்டது. யார்டில் எப்போதும் பூட்டிவிடுவோம், வேறு யாரும் எழுதி அழிக்கக் கூடாதல்லவா. பூட்டினால் பூட்டியதுதான், எழுதியவளே வந்தாலும் மாற்ற முடியாது. கை பழக்கத்தில் விரல் அந்தப் பொத்தானுக்கு மேல் போய்விட்டது. அந்த நேரம் அடுக்களையிலிருந்து அண்ணி ஏதோ கேட்க, பதில் சொல்லிவிட்டுத் திரும்பியவள் பூட்டாமலே மூடிவிட்டேன்.

வில்லையை அவனிடம் கொடுத்தேன். டக் டக். "என்னை வெளியே கூட்டிட்டுப் போங்க" என்றது போன். அவன் முகத்தை எப்படிச் சொல்ல? கோபம்கூட இல்லை. மறுபடி தட்டினான். அதே வாக்கியம். மூன்றாம் தடவை தட்டிவிட்டு, மணி வராது என்று தெரிந்ததும், வில்லையை நெஞ்சின் மேல் போட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டான். நாங்கள் அவனைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனோம். கண்ணை மூடியபடியே இருந்தான்.

அந்த வாரம் முழுக்க அவன் எந்த வில்லையையும் தொடவில்லையாம். தண்ணீர்கூடக் கேட்கவில்லையாம். அண்ணி போனில் அழுதார். "அந்த மணியாவது அடிச்சுக்கிட்டு இருந்தாரு. இப்ப அதுவும் இல்ல. பழையபடி ஆக்கிக் குடுத்துரு பாப்பா."

லீவு போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் அரியலூர் போனேன். வில்லையை என் போனில் வைத்து, உள்ளே இருந்ததை அழித்து, வெறுமையை எழுதினேன். ஆமாம், வெறுமையையும் எழுதத்தான் வேண்டும். பூட்டியிருந்தால் அதற்கும் வழி இருந்திருக்காது. அவன் உள்ளங்கையில் வைத்தேன். வெகுநேரம் பார்த்தான். பிறகு போனில் தட்டினான். மணி.

அண்ணி அடுக்களையிலிருந்து வந்தார். இட்லி மாவு அரைத்துக்கொண்டிருந்த கை, அப்படியே ஈரம். அவருக்குக் கேள்வி கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருக்க வேண்டும். ஒன்றுமே கேட்காமல், கட்டில் ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். அண்ணன் அவர் சேலைத் தலைப்பின் நுனியை இடது கையால் பிடித்துக்கொண்டு மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் போயிற்று. மாவு காய்ந்துவிடும் என்று அண்ணி எழுந்தார். வாசற்படி தாண்டுவதற்குள் மணி. திரும்பி வந்து உட்கார்ந்தார். அதற்கு மேல் மணி அடிக்கவில்லை.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"முக்குல ஆரன் அடிப்பாரே பாப்பா," என்றார் அண்ணி. "நான் போயி வாசல்ல நிப்பேன். என்ன வேணும்னா கேட்டேன் அப்ப? சும்மாதானே நின்னேன்."

அண்ணன் "அதான்" என்றான். இந்தத் தடவை தலையை ஆட்டவில்லை.

எத்தனை மாதம். வாக்கியம் தேடி வாக்கியம் தேடி நாங்கள் அவனைக் கேள்வியால் குத்திக்கொண்டிருந்தோம். நான் அவனுக்கு ஒரு கிண்ணம் நிறையத் தேவைகளைக் கொடுத்திருந்தேன். தண்ணீர், சோறு, காற்று, வலி. பக்கத்தில் யாராவது வந்து சும்மா உட்கார வேண்டும் என்பதற்கு நான் படம் வரையவில்லை.

அதற்குப் பிறகு மணி அடித்தால் அண்ணி போய் உட்கார்வார். கீரை ஆய்வார், பூ கட்டுவார், சில சமயம் அப்படியே தூங்கிவிடுவார். நான் போகும்போது எனக்கும் அடிப்பான். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய் அவன் கால்மாட்டில் உட்கார்ந்து வேலை செய்வேன். அந்த வீட்டில் அப்படி ஓர் அமைதி அதற்கு முன்பு இருந்ததில்லை, அவன் நன்றாக இருந்த காலத்தில்கூட. ஆனால் அது நீடிக்கவில்லை. மழை தொடங்கிய மாதத்தில் இரண்டாம் தாக்குதல் வந்தது. மத்தியானம், அண்ணி பக்கத்தில்தான் இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

கருமாதி முடிந்து சொந்தபந்தமெல்லாம் கிளம்பிய பிறகு பலகையைக் கழற்றினேன். ஆபீஸ் போனைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். வில்லைகளைப் பையில் போட்டேன், வெறும் வில்லை மட்டும் இல்லை. அண்ணியின் இடுப்புச் சாவிக்கொத்தில் கோத்திருந்தது. கழுத்து வெறுமையாக இருந்தது, அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, சாவிக்கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணியின் போன் சாதாரண போன். டேக்கைப் படிக்கும் வசதி அதில் கிடையாது. ஆபீஸ் போனும் போய்விட்டால் அது வெறும் பிளாஸ்டிக்தான், மணி அடிக்காது என்று சொன்னேன். ஏன் சொன்னேனோ. எனக்கு எதையாவது சரியாகச் சொல்லிவிட வேண்டும், அது ஒரு வியாதி.

"தெரியும் பாப்பா," என்றார். "அவரு எழுத விடாத வில்லதான் இது. இருந்துட்டுப் போவட்டும்."

அடுக்களைக்குள் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தேன். அழுதுகொண்டேதான் கழுவினேன், தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்று. கொஞ்ச நேரத்தில் உள்ளறையிலிருந்து டக் டக் என்று ஒரு சத்தம். கட்டில் சட்டத்தில் சாவிக்கொத்தால் தட்டுகிற சத்தம், இரண்டே தட்டு.

"என்ன அண்ணி?" என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். குழாயை மூடிவிட்டு, கையைத் துடைக்காமல் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.